மூணு ஏசி சில்லர் மெஷினையும் ஒரே அடியா மாத்த வேணாம் சார்: ரெண்டு கோடையில படிப்படியா எப்படி பண்றதுன்னு முழு விவரம்

வணக்கம் சார்,

போன வாரம் பேசும்போது "மூணு சில்லரையும் ஒரே தடவையில தூக்கிட்டு புதுசு போட்டுடலாம், திரும்பத் திரும்ப வேலை வேணாம்"னு சொன்னீங்க. அப்பவே போன்ல பதில் சொல்லியிருக்கலாம், ஆனா இது 20 வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிற முடிவு, அதனால மே மாச லாக் புக், கரண்ட் பில், நம்ம பிளான்ட் ரூம்ல நான் எடுத்த ரீடிங் எல்லாத்தையும் வச்சு உக்காந்து கணக்கு போட்டுட்டுதான் எழுதறேன். என் முடிவு இதுதான். வர்ற ஜனவரியில ஒரு மெஷின், அதோட ஒரு கோடை ஓட்டிப் பாக்கணும், அடுத்த ஜனவரியில ரெண்டாவது மெஷின். மூணாவது பழசை ஸ்டாண்ட்பையா வச்சுக்கலாம், அதுக்கு இப்ப காசு போட வேணாம். ஏன்னும், எந்த மாசம் என்ன செய்யணும்னும் கீழ வரிசையா சொல்றேன்.

முதல்ல காலண்டரைப் பாருங்க

எல்லாத்துக்கும் மேல பெரிய காரணம் சென்னை வானிலைதான். கட்டடத்துக்கு ஏசி தண்ணியைக் குளுத்து அனுப்பற நம்ம சில்லர் மூணும் பேஸ்மென்ட்ல இருக்கு, உள்ள கொண்டு போக வெளிய எடுக்க இருக்கிற ஒரே வழி கார் இறங்கற ராம்ப். அக்டோபர் நடுவுல இருந்து டிசம்பர் கடைசி வரைக்கும் வடகிழக்கு மழை. 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்ல மிச்சாங் புயலப்பவும் இந்த ஊர்ல எத்தனை பேஸ்மென்ட் முங்குச்சுன்னு உங்களுக்கே தெரியும். அந்த மாசங்கள்ல பைப்பை வெட்டித் திறந்து போட்டு, பேனலைக் கழட்டி வச்சு, ராம்ப்ல 5 டன் எடை இருக்கிற மெஷினை ரோலர் வச்சு இறக்கற வேலையை நான் எடுக்க மாட்டேன்.

அந்தப் பக்கம் பாத்தா மார்ச் வந்தாலே லோடு ஏறிடுது. நம்ம லாக் புக்படி ஜனவரி மதியம் 150 டன் கூலிங் கிட்ட போதும், மார்ச் மூணாவது வாரத்துலயே 250ஐத் தாண்டுது, கத்திரி வெயில்ல 370 வரைக்கும் போயிருக்கு. ஆக நமக்கு நிம்மதியா வேலை பாக்கக் கிடைக்கிறது ஜனவரி முதல் வாரத்துல இருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும், மொத்தம் 8 வாரம்.

ஒரு மெஷினைக் கழட்டி, ஃபவுண்டேஷன் சரி பண்ணி, புதுசை இறக்கி, பைப், கேபிள், ஃப்ளஷிங், கமிஷனிங் எல்லாம் முடிக்க எதுவும் இடிக்காம போனா 4 இல்ல 5 வாரம் ஆகும். ரெண்டு மெஷினை ஒண்ணா எடுத்தா ஜனவரியில மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு பழைய மெஷின், அது இப்ப தர்றது 160 டன் சொச்சம், தேவை 150. அந்த ஒண்ணு ட்ரிப் ஆச்சுன்னா கட்டடம் மொத்தமும் நின்னு போயிடும். ஒண்ணு முடிச்சிட்டு அடுத்ததுன்னு போனா ரெண்டாவது மார்ச் நடுவுல முடியும், மூணாவது ஏப்ரல் கடைசி. கப்பல்ல வர்ற ஏதாவது ஒரு பார்ட் 3 வாரம் லேட் ஆனாக்கூட கத்திரியில கை கட்டி நிக்கணும்.

இதை நான் நேர்ல பாத்திருக்கேன். வேற ஒரு கட்டடம், அங்க நான் ரெண்டாம் கட்டத்துலதான் உள்ள போனேன். மூணையும் ஒரே ஆர்டர்ல மாத்தினாங்க, மெஷின் துறைமுகத்துக்கு வந்ததே மார்ச்ல, பழசு மூணையும் அதுக்குள்ள வெட்டி ஸ்கிராப்புக்கு அனுப்பிட்டாங்க. ஏப்ரல் கடைசியில முதல் மெஷின் ஓட ஆரம்பிச்சு 9 நாள்ல அதோட டிரைவ் கார்டு போச்சு. மாத்து கார்டு வர்ற வரைக்கும் ஃப்ளோருக்கு ஃப்ளோர் பெடஸ்டல் ஃபேன் வச்சு, ஜன்னல் திறக்காத கண்ணாடி கட்டடத்துக்குள்ள ஆளுங்க ஈரத் துண்டைக் கழுத்துல போட்டுட்டு வேலை பாத்தாங்க. சர்வர் ரூமுக்கு மட்டும் வாடகை மெஷின் வந்துச்சு. மெஷின் நல்ல மெஷின்தான் சார், தப்பு நடந்தது திட்டம் போட்டதுல. திரும்பிப் போக அவங்களுக்கு வழியே இல்லாம போச்சு.

படி 1: இப்பவே அளந்து வைக்கணும் (ஆகஸ்ட்)

பேர்ப்பலகையில 200 டன்னுன்னு போட்டிருக்கு, அதை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. நான் போன மாசம் 1ம் நம்பர் சில்லர்ல அளந்த விதத்தைச் சொல்றேன், இதே மாதிரி மூணுலயும் பண்ணணும்.

பைப் மேல வெளியில இருந்து பிடிக்கிற அல்ட்ராசோனிக் ஃப்ளோ மீட்டர் ஒண்ணு வேணும். அதை வளைவுக்கோ வால்வுக்கோ பக்கத்துல மாட்டினா பொய் சொல்லும், நம்ம 150 மில்லிமீட்டர் பைப்புக்கு முன்னால ஒன்றரை மீட்டர் நேர் பைப், பின்னால முக்கால் மீட்டர் வேணும். அந்த இடத்துல இன்சுலேஷனை வெட்டி, துருவை எமரி பேப்பர் போட்டுத் தேச்சுட்டுத்தான் மாட்டணும். உள்ள போற தண்ணி, வெளிய வர்ற தண்ணி ரெண்டோட டெம்பரேச்சரையும் ஒரே தெர்மாமீட்டர் வச்சு எடுக்கணும், ஏன்னா பேனல்ல காட்டற ரெண்டு சென்சர்ல ஒண்ணு அரை டிகிரி தப்பா இருந்தாலே கணக்கு பத்து சதவீதத்துக்கு மேல போயிடும்.

```
TR = (m3/h × ΔT °C) ÷ 3.024
```

நமக்கு வந்தது மணிக்கு 120 கன மீட்டர் தண்ணி, வித்தியாசம் 4.1 டிகிரி. அதாவது 163 டன். அப்ப கம்ப்ரசர் எடுத்தது 150 கிலோவாட், ஸ்லைடு வால்வ் முழுசா திறந்துதான் இருந்துச்சு. அதனால இதுக்கு மேல அது தராது. ஒரு டன்னுக்கு 0.92 கிலோவாட் ஆகுது.

இந்த நம்பர் சரியான்னு எப்படித் தெரியும்னா, கண்டன்சர் பக்கமும் அளக்கணும். உள்ள எடுத்த சூடும் கம்ப்ரசர் போட்ட கரண்டும் சேந்து கூலிங் டவருக்குத்தான் போயாகணும், வேற போக்கிடம் கிடையாது. 163 டன்னுங்கிறது 573 கிலோவாட், அதோட 150ஐக் கூட்டினா 723. கண்டன்சர்ல அளந்தது 150 கன மீட்டர், 4.1 டிகிரி, அது 715 கிலோவாட் வருது. ரெண்டுக்கும் ஒரு சதவீதம்தான் வித்தியாசம், அதனால நம்பறேன். 5 சதவீதத்துக்கு மேல போச்சுன்னா மீட்டர் மாட்டின இடம் தப்புன்னு அர்த்தம், அந்த ரீடிங்கைத் தூக்கிப் போட்டுட்டு வேற இடம் பாக்கணும்.

படி 2: லாக் புக்கைப் பிரிச்சுப் பாத்தா காசு எங்க இருக்குன்னு தெரியும்

இந்த லெட்டர்லயே நீங்க ரெண்டு தடவை படிக்க வேண்டிய இடம் இதுதான் சார். போன வருஷம் பிளான்ட் மொத்தம் சுமார் 3,300 மணி நேரம் ஓடியிருக்கு. அதுல 1,900 மணி நேரம் ஒரே மெஷின் போதுமா இருந்திருக்கு. 1,250 மணி நேரம் ரெண்டு ஓடியிருக்கு. மூணும் ஓடினது வெறும் 150 மணி நேரம், அதுவும் ஏப்ரல் கடைசியில இருந்து ஜூன் முதல் வாரத்துக்குள்ள, மதியம் 1 மணியில இருந்து 5 மணிக்குள்ள.

கூலிங் டன்னை ஓடின மணி நேரத்தால பெருக்கி டன்-மணியா மாத்தினா வருஷத்துக்கு சுமார் 6 லட்சம் வருது. இப்ப ஒரே ஒரு புது மெஷின், 200 டன், அதை எப்பவும் முதல்ல ஓடற மெஷினா வச்சா, அந்த 6 லட்சத்துல 5 லட்சத்தை அதுவே தூக்கிடும். பழசு வேலை பாக்க மிச்சம் 1 லட்சம்தான்.

புது மெஷின் நம்ம ஊர் டவர் தண்ணி சூட்டுக்கு டன்னுக்கு 0.64 கிலோவாட்ல ஓடும்னு வச்சுக்கறேன், பார்ட் லோடுல இன்னும் கம்மியாகும், அதைக் கணக்குல சேக்கலை. டன்னுக்கு 0.28 மிச்சம். 5 லட்சத்துக்கு 1,40,000 யூனிட், யூனிட் 9 ரூபாய்னா வருஷத்துக்கு 12 லட்சத்து 60 ஆயிரம். ரெண்டாவது புது மெஷின் போட்டா கூடுதலா கிடைக்கிறது அந்த மிச்ச 1 லட்சத்துல இருந்து மட்டும்தான், 28,000 யூனிட், இரண்டரை லட்சம். மூணாவதுக்கு கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல, நிக்கிற மெஷின் கரண்ட் தின்னாது.

அதாவது ரெண்டாவது மெஷினை ஒரு வருஷம் தள்ளிப் போடறதால நீங்க கரண்ட்ல இழக்கறது இரண்டரை லட்சம். கிரேன், ரிக்கிங் ஆளுங்க ரெண்டு தடவை வர்றதுக்கு ஒரு ரெண்டு லட்சம் கூட ஆகும்னு வச்சுக்கங்க. ஆக நாலரை லட்சம்தான் கட்டம் கட்டமா பண்றதோட விலை, இதை நான் மறைக்க விரும்பலை. இதுக்கு பதிலா என்ன கிடைக்குதுன்னு இனிமே சொல்றேன்.

படி 3: எதை முதல்ல எடுக்கறது (செப்டம்பர்)

மூணு மெஷினுக்கும் மூணு சோதனை. கண்டன்சர் டியூபுக்கு எடி கரண்ட் டெஸ்ட், உள்பக்கம் எங்க சுவர் அரிச்சு மெலிஞ்சிருக்குன்னு அது காட்டிடும். கம்ப்ரசர் ஆயிலை லேபுக்கு அனுப்பி ஆசிட், ஈரம், இரும்புத்தூள் பாக்கணும். மோட்டார் வைண்டிங்குக்கு மெக்கர் வச்சு இன்சுலேஷன் டெஸ்ட். மூணுக்கும் சேத்து ரெண்டு நாள் வேலை.

இப்போதைக்கு என் கண்ணுக்கு மோசமா தெரியறது 2ம் நம்பர், ஆயில் சைட் கிளாஸ்ல டீ டிகாஷன் கலர்ல நிக்குது, போன வருஷம் அதிகமா கூலிங் கேஸ் குடிச்சதும் அதுதான். அது ராம்ப் பக்கத்துலயும் இருக்கு, மத்த ரெண்டையும் அசைக்காமலே வெளிய எடுத்துடலாம்.

ஆனா சோதனை வேற மாதிரி சொன்னா நான் திட்டத்தை மாத்திப்பேன். இருக்கப் போற ரெண்டுல ஏதாவது ஒண்ணுல நூத்துக்கு பத்து டியூபுக்கு மேல அடைக்க வேண்டிய நிலைமைன்னு வந்தா, இல்ல ஆயில்ல ஆசிட் ஏறியிருந்தா, அந்த மெஷினை ஒரு கோடைக்கு நம்ப முடியாது. அப்ப முதல் வருஷமே ரெண்டு ஆர்டர் போட்டு, ஜனவரியில ஒண்ணு, பிப்ரவரியில ஒண்ணுன்னு நெருக்கித்தான் ஆகணும். அதனாலதான் ஆர்டர் போடறதுக்கு முன்னால இந்த டெஸ்ட் முடியணும்ங்கறேன்.

படி 4: ஆர்டர் எப்படி எழுதணும்

மெஷின் கைக்கு வர 14ல இருந்து 18 வாரம் ஆகும், அதனால செப்டம்பர் முதல் பாதியில ஆர்டர் போயிடணும். ஆர்டர் ஒரு மெஷினுக்கு மட்டும், ஆனா "இதே விலை சூத்திரத்துல அடுத்த செப்டம்பருக்குள்ள ரெண்டாவது மெஷின் வாங்கற உரிமை எங்களுக்கு உண்டு, சைஸ் நாங்க அப்ப சொல்வோம்"னு ஒரு வரி சேத்து எழுதி வாங்கணும். விலை ஏறிடுமேன்னு நீங்க பயந்தீங்கல்ல, அந்த பயத்துக்கு இந்த ஒரு வரிதான் பதில்.

கேஸ் விஷயம் ரெண்டு வார்த்தை. நம்ம பழசு மூணும் ஆர்-22. 2025 ஜனவரியில இருந்து இந்தியாவுல அந்த வகை கேஸ் போட்டு புது ஏசி மெஷின் தயாரிக்கறதே நிறுத்தியாச்சு, 2030ல சர்வீசுக்கு ஒரு சின்னப் பங்கைத் தவிர மத்ததெல்லாம் முடிஞ்சுடும். புதுசுக்கு ஆர்-134ஏன்னு கோட் பண்ணுவாங்க, அது ஓடும், ஆனா அந்த வகைக்கும் 2028ல உச்ச வரம்பு வந்து 2032ல இருந்து படிப்படியா குறைக்கறதா நம்ம நாடு ஒத்துக்கிட்டிருக்கு. அதனால பின்னாடி ஆர்-513ஏக்கு மாத்திக்க முடியுமா, மாத்தினா எத்தனை டன் குறையும்னு எழுத்துல கேட்டு வாங்குங்க.

படி 5: பொங்கல் ஷட்டௌன், பொதுவானதெல்லாம் ஒரே தடவையில

மெஷினைத்தான் ரெண்டு வருஷமா பிரிக்கணும். பொது வேலையைப் பிரிக்கவே கூடாது. கட்டம் கட்டமா பண்றேன்னு ஆரம்பிச்சுட்டு ஒவ்வொரு வருஷமும் எல்லா மெஷினும் சேர்ற பொது பைப்பான ஹெடரை வெட்டி, ஒவ்வொரு வருஷமும் பிளான்டை நிறுத்தற கட்டடங்களை நான் பாத்திருக்கேன், அப்படிப் பண்ணா நீங்க இப்ப ஒரே அடியா முடிக்கலாம்னு சொல்றதே மேல்.

பொங்கல் லீவு 4 நாள் கட்டடம் காலியா இருக்கும். அந்த 4 நாள்ல தண்ணியை வடிச்சு, ஹெடர்ல இருக்கிற பழைய பட்டர்ஃப்ளை வால்வ் எல்லாத்தையும் மாத்திடணும். அடுத்த வருஷம் வரப்போற ரெண்டாவது மெஷினுக்கும் இப்பவே கிளை பைப் எடுத்து, வால்வ் போட்டு, மூடி ஃப்ளாஞ்ச் அடிச்சு நிறுத்திடணும். பேனல்ல அதுக்கான பிரேக்கர், கேபிள் டிரேயில இடம், கன்ட்ரோல் வயர் எல்லாமும் அப்பவே. அடுத்த வருஷம் பிளான்டை நிறுத்தாமலே ரெண்டாவது மெஷினைக் கோத்துடலாம்.

வால்வுக்கு நான் ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கறேன்னா, போன மாசம் காலையில 11 மணிக்கு நான் பிளான்ட் ரூம்ல இருந்தப்ப 1ம் நம்பர் மட்டும்தான் ஓடிட்டு இருந்துச்சு. நிக்கிற 3ம் நம்பரோட வெளி பைப்பைத் தொட்டுப் பாத்தேன், ஜில்லுன்னு இருந்துச்சு, இன்சுலேஷன் கிழிஞ்ச இடத்துல வேர்வை மாதிரி தண்ணி கோத்து சொட்டிட்டு இருந்துச்சு. நிக்கிற மெஷினோட பைப் ரூம் சூட்டுலதான் இருக்கணும். அதோட வால்வ் மூடினபடியே காட்டினாலும் உள்ள தண்ணி போயிட்டுத்தான் இருக்கு, அதாவது ஃப்ளோர்ல இருந்து வர்ற 12 டிகிரி தண்ணியில கொஞ்சம் அப்படியே கூலாகாம 3ம் நம்பர் வழியா ஓடி, 1ம் நம்பர் பாடுபட்டு பண்ண 7 டிகிரி தண்ணியோட கலந்து, மேல ஃப்ளோருக்கு எட்டு எட்டரையா போகுது. மேல் மாடியில கூலிங் பத்தலைன்னு கம்ப்ளைன்ட் வந்ததும் ஆபரேட்டர் ரெண்டாவது மெஷினைப் போடறார், அவர் மேல தப்பே இல்ல. இந்த வால்வை மாத்தாம புது மெஷின் போட்டா அதோட தண்ணியும் இதே மாதிரிதான் வீணாப் போகும்.

படி 6: பழசைக் கழட்டும்போது எதையும் தூக்கிப் போட வேணாம்

மூணு மெஷினும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வருஷம். இதுக்கான கன்ட்ரோல் கார்டு புதுசா வாங்க முடியறதில்லன்னு உங்க சர்வீஸ் ஆளே சொல்லிட்டார். அப்ப கழட்டற 2ம் நம்பர்தான் மத்த ரெண்டுக்கும் ஸ்பேர் கடை. கார்டு, சென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வ், கான்டாக்டர், ஆயில் ஹீட்டர், மோட்டார் மெக்கர் நல்லா இருந்தா கம்ப்ரசரும் சேத்து, எல்லாத்தையும் துடைச்சு பேர் எழுதி ஸ்டோர்ல வைக்கணும். மூணையும் ஒரே நாள்ல ஸ்கிராப்புக்கு அனுப்பினா இந்த வசதி கிடைக்காது.

கேஸும் அப்படித்தான். பலகைபடி ஒரு மெஷினுக்கு 180 கிலோ. ரெக்கவரி மெஷின் வச்சு சிலிண்டருக்கு எடுக்கணும், வெளிய ஊதி விடறதுக்கு யாரையும் விடாதீங்க. ஒவ்வொரு சிலிண்டரையும் எடை போட்டு, 80 சதவீதத்துக்கு மேல நிரப்பாம பாக்கணும், சூட்டுல திரவம் விரிஞ்சா வெடிச்சுடும். கிடைக்கிறது 150 கிலோவா இருந்தாக்கூட, போன வருஷம் 1ம் நம்பரும் 3ம் நம்பரும் சேந்து குடிச்சது 45 கிலோதான், அதனால மூணு வருஷத்துக்கு வெளிய ஆர்-22 தேடி அலைய வேண்டியதில்ல. ஒரே ஒரு நிபந்தனை, எடுத்த கேஸை சுத்தம் பண்ணி ஈரமும் ஆசிடும் டெஸ்ட் பண்ணின பிறகுதான் மத்த மெஷினுக்கு ஏத்தணும். 2ம் நம்பர் ஆயில் கருப்பா இருக்குன்னு சொன்னேன்ல, அதே அழுக்கை நல்லா ஓடற மெஷினுக்குள்ள ஊத்திடக் கூடாது.

மிச்சம் இருக்கிற ரெண்டையும் இந்த ஜனவரியிலயே டியூப் பிரஷ் பண்ணிடணும். நம்ம டவருக்கு போர் தண்ணியும் லாரி தண்ணியும் மாறி மாறிப் போகுது, 1ம் நம்பர்ல கேஸ் குளிர்ற சூட்டுக்கும் வெளிய போற தண்ணி சூட்டுக்கும் நடுவுல ஐந்தரை டிகிரி நிக்குது. சுத்தமான டியூபா இருந்தா ரெண்டு டிகிரிக்குள்ள இருக்கும். இந்த வித்தியாசம் பூரா உள்ள படிஞ்ச உப்பு. பிரஷ் அடிச்சா அந்த 163 டன் கொஞ்சம் ஏறும், எவ்வளவுன்னு அடிச்சப்புறம் அளந்து எழுதி அனுப்பறேன்.

படி 7: ஜனவரியில ஓடிடுச்சுன்னு முழுப் பணத்தையும் கொடுத்துடாதீங்க

கமிஷனிங் பிப்ரவரியில முடிஞ்சு மெஷின் சத்தமில்லாம ஓடும், காண்ட்ராக்டர் கையெழுத்துக்கு பேப்பரை நீட்டுவார். ஆனா பிப்ரவரியில 200 டன் லோடு எங்க இருக்கு? அந்த மெஷின் உண்மையிலயே 200 டன் தருமா, 0.64ல தருமாங்கறதை அப்ப சோதிக்கவே முடியாது. அதனால ஃபேக்டரியிலயே ஃபுல் லோடு டெஸ்டுக்கு நான் போய் நிக்கணும்னு ஆர்டர்ல எழுதுங்க, கூடவே 10 சதவீதப் பணத்தைப் பிடிச்சு வச்சு, ஏப்ரல் கடைசியில இல்ல மே முதல் வாரத்துல, படி 1ல சொன்ன அதே முறையில, கண்டன்சர் பக்கமும் சேத்து அளந்து பாஸ் ஆனாத்தான் கொடுப்போம்னு எழுதுங்க. மூணையும் ஒரே வருஷத்துல மாத்தியிருந்தா இந்த டெஸ்ட்ல ஒரு மெஷின் ஃபெயில் ஆனா மத்த ரெண்டுலயும் அதே குறைதான் இருக்கும், மூணுக்கும் பணம் போயிருக்கும். இப்ப ஒண்ணுல கண்டுபிடிச்சா ரெண்டாவதோட ஸ்பெக்கையே திருத்திடலாம்.

படி 8: முதல் கோடை

புதுசு 200, பழசு ரெண்டும் சேந்து 326, மொத்தம் 526. தேவை 370. மே மாசம் மதியம் புது மெஷினே நின்னு போச்சுன்னு வச்சுக்கங்க, 326 இருக்கும், 44 டன் குறையும், அதுவும் அந்த 150 மணி நேரத்துக்குள்ள விழுந்தா மட்டும்தான். அப்ப என்ன செய்யணும்னு இப்பவே ஆபரேட்டருக்கு எழுதிக் கொடுத்துடலாம், அதாவது காலையில 6 மணிக்கே பிளான்டைப் போட்டு கட்டடத்தை குளுத்து வச்சுக்கணும், லாபியையும், காலி ஃப்ளோர்ல காத்தைக் குளுத்து ஊதற ஏஹெச்யூவையும் நிறுத்தணும், ஆபீஸ் செட் பாயின்ட்டை 24ல இருந்து 25 ஆக்கணும். ஆளுங்க கொஞ்சம் முனகுவாங்க, வேலை நிக்காது.

இந்தக் கோடையில பிளான்ட் ரூம்ல ஒரு நிரந்தர பிடியு மீட்டர் மாட்டி, 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை லோடு பதிவாகணும். ரெண்டாவது மெஷின் எந்த சைஸ்ங்கற கேள்விக்கு பதில் அதுலதான் வரும். கட்டடம் 2005ல கட்டினப்ப ஒவ்வொரு டேபிள்லயும் பழைய குண்டு மானிட்டர், தலைக்கு மேல ட்யூப் லைட், அதுக்குப் போட்ட கணக்குதான் 600 டன். இன்னைக்கு லேப்டாப், எல்ஈடி. இந்தப் பக்கம் 7வது 8வது மாடி காலி, அங்க நைட் ஷிஃப்ட் பாக்கற கால் சென்டர் வருதா, இல்ல சாதா ஆபீஸ் வருதாங்கறது உங்களுக்கே இன்னும் தெரியாது. கால் சென்டர் வந்தா ராத்திரி 60, 70 டன் மட்டும் தேவைப்படும், அதுக்கு 200 டன் மெஷின் போட்டா அது ராத்திரி பூரா ரொம்ப குறைஞ்ச லோடுலயே ஓடும், லோடு இன்னும் இறங்கினா அடிக்கடி ஆன் ஆஃப் ஆகி கம்ப்ரசர் தேயும், அப்ப ரெண்டாவது 120 இல்ல 150 டன்னா இருக்கறதுதான் நல்லது. சாதா ஆபீஸ்னா இன்னொரு 200 சரி. இந்த முடிவை இன்னைக்கு எடுத்தா கண்ணைக் கட்டிட்டு எடுக்கற மாதிரி, அடுத்த ஜூன்ல எடுத்தா கையில ஒரு முழு கோடையோட கணக்கு இருக்கும். நாலரை லட்சம் கொடுத்து நீங்க வாங்கறதுல பெரிய பங்கு இதுதான்.

படி 9: ரெண்டாவது மெஷின்

அடுத்த ஜூன்ல நம்ம ரெண்டு பேரும் மீட்டர் கணக்கோட உக்காந்து சைஸ் முடிவு பண்றோம், செப்டம்பர்ல ஆர்டர், ஜனவரியில இறக்கறோம், ஹெடர் ரெடியா இருக்கறதால பிளான்டை நிறுத்தாமலே வேலை முடியும். ரெண்டாவது கோடையில புதுசு ரெண்டும் சேந்து 370ஐத் தூக்கிடும், சைஸ் சின்னதா போனா உச்சத்துல பழசு கொஞ்சம் கை கொடுக்கும். மிச்சமிருக்கிற ஒரு பழைய மெஷின் ஸ்டாண்ட்பை, அதுக்கு ஸ்டோர்ல ரெண்டு மெஷினோட ஸ்பேர், ரெண்டு மெஷினோட கேஸ். மாசம் ஒரு தடவை ரெண்டு மணி நேரம் ஓட்டி ஆயிலைச் சுத்தவிட்டா போதும்.

இந்த வியாழக்கிழமை காலையில 9 மணிக்கு மீட்டரோட வர்றேன். 2ம் நம்பரையும் 3ம் நம்பரையும் ஒவ்வொண்ணா தனியா ஒரு மணி நேரம் ஃபுல் லோடுல ஓட்டணும், அதனால அன்னைக்கு 8 மணி வரைக்கும் பிளான்டைப் போடாம வச்சிருக்கச் சொல்லுங்க, அப்பத்தான் கட்டடம் சூடாகி போதுமான லோடு கிடைக்கும். 7வது 8வது மாடி ஏஹெச்யூ ரூம் சாவியும் கீழ செக்யூரிட்டிகிட்ட இருக்கட்டும் சார்.

இப்படிக்கு,
உங்க ஹெச்விஏசி கன்சல்டன்ட்